படித்ததை எழுதி வைக்கும் சிட்டை

மளிகைக்கடை வைத்துப் பிழைத்த நம் முன்னோர் இரண்டு புத்தகங்கள் வைத்திருந்தனர். ஒன்று சிட்டை, மற்றொன்று பேரேடு. சிட்டை கல்லாப்பெட்டியின் பக்கத்தில் கிடக்கும். கொடுத்ததும் வாங்கியதும் அந்த அந்த நேரத்தில் அதில் இரண்டு வரியாக விழும். எழுத்து கோணலாக இருந்தாலும் கேட்பாரில்லை. பேரேடோ இரவில் கடை அடைத்த பிறகு, விளக்கடியில் உட்கார்ந்து, ஆள்வாரியாகப் பிரித்து எழுதுவது. முதலாளி பார்ப்பார், பங்காளி பார்ப்பார், ஆகவே அடித்தல் திருத்தல் கூடாது. நூல்களைப் படித்து அவற்றில் அறிந்ததைக் குறித்து வைக்க விரும்பும் சகோதர சகோதரிகளில் பலர், சிட்டை எழுத வேண்டிய இடத்தில் பேரேடு எழுதத் தொடங்கி, இரண்டு மாதத்தில் எழுத்தையும் விடுகிறார்கள், சில வேளை படிப்பையுமே விட்டு விடுகிறார்கள். நமது சங்கத்து வாசிப்பு வட்டத்தில் இது கண்கூடாக நடந்தது. ஆகவே இவ்விதழில் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத முற்பட்டோம். நம் வட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லி விடுவோம்.

வட்டம் தொடங்கியபோது, ஆளுக்கொரு நல்ல தடித்த குறிப்பேடு வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு பக்கத்திலும் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண்ணிக்கை, கதைச்சுருக்கம், படிப்பினை என்று கோடு போட்டு அச்சிட்டிருந்தோம். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். மூன்றாம் மாதம் குறிப்பேடுகளைப் பார்த்தோம். 'படிப்பினை' என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தனர்: கல்வி கற்க வேண்டும், பெற்றோரை மதிக்க வேண்டும், பொறுமை வேண்டும். நூல்கள் வேறு வேறு, படிப்பினை ஒன்று. அந்த வாக்கியங்களை எழுத நூலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை என்பது நமக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தக் கட்டங்கள் நமக்கு எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்த்தால், நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தன. மலேசியப் பள்ளிகளில் 1990களின் இறுதியில் தொடங்கி நடந்து வரும் நீலம் திட்டத்தை அறியாத பெற்றோர் ஜொகூரில் இல்லை. 'நாடி இல்மு அமலான் மெம்பாச்சா' என்பதன் சுருக்கம் அது. மாணவர் ஒரு நூலைப் படித்ததும் அதன் விவரத்தையும் சுருக்கத்தையும் பதிந்து வைக்க வேண்டும். முன்பு பதிவேட்டில் கையால் எழுதினர். இப்போது கணினி வழியே பதிகின்றனர். படித்த நூல்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடி வெண்கலம், வெள்ளி, பொன், நீலம் என்று படிகளும் வைத்திருந்தனர். (மலாய் மொழியில் நீலக்கல்லைக் குறிக்கும் 'நிலம்' என்ற சொல், நாம் வழங்கும் 'நீலம்' என்பதன் உறவுச் சொல் என்பதை அறிந்தால் நம் பிள்ளைகள் மகிழ்வார்கள்.) ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நூலின் பக்கம் திருப்ப, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்கு வேண்டியிருக்கிறது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஆசிரியர் பார்ப்பதற்காக எழுதப்படுவது. அதே கட்டங்களை, யாரும் பார்க்கப் போகாத பெரியவர்களின் குறிப்பேட்டில் நாம் அச்சிட்டது நமது பிழை. பார்ப்பவர் இல்லாத இடத்திலும், யாரோ பார்ப்பது போல் எழுத வைத்து விட்டோம்.

கணக்கும் பரிசும் ஒரு செயலின் மீதுள்ள விருப்பத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் வெளியிட்டது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக் கொண்டனர். ஒரு பகுதியினரிடம், "வரைந்தால் நற்சான்றுப் பத்திரம் கிடைக்கும்" என்று முன்னமே கூறி வரையச் சொன்னார்கள். அப்படியே கொடுக்கவும் செய்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் கூறவில்லை. ஓரிரு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை விளையாட்டு நேரத்தில் மேசையில் வைத்தபோது, பத்திரத்துக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். சொல்லாமல் திடீரென்று பத்திரம் பெற்ற பிள்ளைகளுக்கோ ஆசை குறையவில்லை. ஆகவே கெடுதல் பரிசில் இல்லை. முன்கூட்டியே பரிசை எண்ணி வேலை செய்வதில்தான் இருக்கிறது. இதை நம் குறிப்பேட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். இரவு பத்து மணிக்கு நூலைக் கையில் எடுக்கும்போதே, "முடித்ததும் ஒரு பக்கம் எழுத வேண்டுமே" என்ற நினைவு வந்தால், நூல் அந்த நிமிடமே பாடப்புத்தகமாகி விடுகிறது.

அப்படியானால் எழுதாமலே படித்து விட்டுப் போகலாமா என்றால், அதிலும் நஷ்டம் இருக்கிறது. ஆறு மாதத்தில் நூலின் அட்டை நிறம் மட்டுமே நினைவில் நிற்கிறது. ஆகவே எதை, எப்போது, எவ்வளவு எழுதுவது என்பதே கேள்வி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்களில் சொல்லப்படும் ஒரு சம்பவத்தை மதரஸாவில் ஓதியவர்கள் கேட்டிருப்பார்கள். கி.பி. 1058-ல் தூஸ் நகரில் பிறந்த அவர்கள், இளமையில் ஜுர்ஜான் சென்று கல்வி பயின்று, ஆசிரியரிடம் கேட்டவற்றையெல்லாம் குறிப்புகளாக எழுதிக் கொண்டு ஊர் திரும்பினார்கள். வழியில் கொள்ளையர் மறித்து, உள்ளதையெல்லாம் பறித்துக் கொண்டனர். இமாம் அவர்கள் கொள்ளையர் தலைவனைப் பின்தொடர்ந்து சென்று, தம் குறிப்புகளை மட்டுமாவது கொடுத்துவிடும்படிக் கேட்டார்கள்; அவற்றில்தான் தம் கல்வி இருக்கிறது என்றார்கள். தலைவன் நகைத்தானாம். நாங்கள் காகிதத்தைப் பறித்ததும் உமது கல்வியும் போய் விட்டதென்றால் அது என்ன கல்வி என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டு, கட்டைத் திருப்பிக் கொடுக்கச் செய்தான். ஊர் சேர்ந்த இமாம் அவர்கள் மூன்று ஆண்டுகள் அந்தக் குறிப்புகளை மனனம் செய்வதில் கழித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

இதைக் கேட்டு, குறிப்பெழுதுவதே வீண் என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. அது சரியன்று. இமாம் அவர்கள் அதற்குப் பிறகும் எழுதினார்கள். எவ்வளவு எழுதினார்கள் என்பதை உலகம் அறியும். சம்பவம் காட்டுவது வேறு. நூலிலிருந்து காகிதத்துக்கு நேராகப் போன எழுத்து, இடையில் உள்ளத்தைத் தொடாமலே போய் விடுகிறது. நூலைத் திறந்து வைத்துக் கொண்டு பார்த்து எழுதும் குறிப்பு யாவும் அந்த வகையே. ஆகவே நம் வட்டத்தில் கட்டம் போட்ட பக்கங்களை நீக்கி விட்டு, ஒரே ஒரு விதியை வைத்தோம்: நூலை மூடிய பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

இருபது முப்பது பக்கம் படித்ததும், அல்லது தூக்கம் வந்ததும், நூலை மூடி விடுகிறோம். என்ன நின்றது என்று ஒரு நிமிடம் யோசிக்கிறோம். நின்றதை மூன்று வரி, மிஞ்சினால் ஐந்து வரி எழுதுகிறோம். பிறகு நூலைத் திறந்து, எழுதியது சரிதானா என்று பார்த்து, பக்க எண்ணை ஓரத்தில் போடுகிறோம். மொத்தம் ஐந்து நிமிடம். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் ஒன்றும் எழுதுவதில்லை. விடுபட்ட நாளுக்குக் களா இல்லை. தொழுகைக்கும் நோன்புக்கும் உள்ள களாவை வாசிப்புக்கும் கொண்டு வந்து, "நான்கு நாள் பாக்கி இருக்கிறதே" என்று உட்கார்ந்து எழுதியவர்கள்தாம் எங்கள் வட்டத்தில் முதலில் நின்று போனவர்கள்.

மூடி விட்டு நினைத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தனர். சிலர் படித்த பின் தாளை வைத்து விட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தி விட்டனர். இதில் கவனிக்க வேண்டியது, திரும்பப் படித்தவர்களுக்குத் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகமாக இருந்ததுதான். பார்த்து எழுதும் குறிப்பும் நமக்குத் தருவது அந்தப் பொய்யான நிறைவையே. மூடி எழுதும்போது தடுமாற்றமாக இருக்கும். "இவ்வளவுதானா நின்றது" என்று வெட்கமாகவும் இருக்கும். அந்தத் தடுமாற்றத்தில்தான் விஷயம் ஊன்றுகிறது.

இதற்கு ஓர் உதாரணத்தை முழுவதுமாகக் காட்டுவோம். வட்டத்திலுள்ள ஒரு சகோதரர் 'ஹிகாயத் அப்துல்லாஹ்' படித்தார். அந்நூலை எழுதிய முன்ஷி அப்துல்லாஹ் மலாக்காவில் பிறந்தவர். யெமனிலிருந்து வந்து நாகூரில் குடியேறி மணம் புரிந்த அரபியர் ஒருவரின் வழித்தோன்றல். ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணி புரிந்தவர். 1854-ல் ஹஜ்ஜுக்குப் போன பயணத்தில் மறைந்தார். தம் வாழ்க்கையை அவர் எழுதி 1849-ல் வெளியிட்ட நூல் அது. நம்மவர்க்கு மிகவும் நெருக்கமான நூல். நமது சகோதரர் பழைய முறையில் அதற்கு எழுதியிருந்த குறிப்பு இது: 'ஆசிரியர் முன்ஷி அப்துல்லாஹ். இது அவரது வாழ்க்கை வரலாறு. மலாக்காவையும் சிங்கப்பூரையும் பற்றிக் கூறுகிறது. படிப்பினை: விடாமுயற்சியுடன் கல்வி கற்க வேண்டும்.' பின்னட்டையைப் பார்த்தே இதை எழுதி விடலாம்.

புதிய முறைக்கு வந்த பின், அதே நூலை மறுபடி எடுத்துப் படித்த ஓர் இரவில் அவர் எழுதியது: 'மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அக்காலத்து வழக்கமாம். கணக்குப் பார்க்கவும் வியாபாரிகளோடு பேசவும் உதவும் என்று இவரையும் தகப்பனார் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். தமிழ் அன்று வியாபார மொழி! நம் ஊரில் அப்படி யாராவது படித்தார்களா? பெரியத்தாவிடம் கேட்க வேண்டும்.' அவ்வளவே. நூல் முழுவதையும் சுருக்கவில்லை. தம்மை நிறுத்திய ஒரே இடத்தைப் பிடித்தார். அதன் பக்கத்தில் தமக்கு எழுந்த கேள்வியை வைத்தார். யாரிடம் கேட்பது என்றும் எழுதினார். அந்த வாரமே மூவாரில் இருக்கும் தம் பெரியத்தாவைப் பார்க்கப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். குறிப்பு முதியவர் ஒருவரின் வாயைத் திறக்க வைத்தது.

இன்னோர் இரவில் எழுதியது: 'ராஃபிள்ஸ் சேர்த்த மலாய்ச் சுவடிகளெல்லாம் கப்பலோடு புயலில் மூழ்கின. படியெடுத்து வைத்திருக்கலாமே என்று அப்துல்லாஹ் வருந்துகிறார்.' எழுதி விட்டு நூலைத் திறந்து பார்த்தார். கப்பல் புயலில் மூழ்கவில்லை, தீப்பிடித்து அழிந்தது. 1824-ல் பெங்கூலுவிலிருந்து புறப்பட்ட 'ஃபேம்' என்ற கப்பல் அது. அவர் 'புயலில் மூழ்கின' என்பதை ஒரு கோடிட்டு அடித்து, மேலே சிவப்பு மையில் 'தீயில்' என்று எழுதினார். அடித்ததை அழிக்கவில்லை. இப்போது அந்தக் கப்பலுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் வட்டத்தில் எவரையும் விட அவர் முந்திச் சொல்கிறார். தவறாக நினைத்து, உடனே திருத்திக் கொண்ட விஷயம் அவ்வளவு ஆழப் பதிகிறது. பேரேட்டில் அடித்தல் குற்றம். சிட்டையில் அடித்தலே இலாபம்.

இங்கே நமக்கென்றே உரிய ஒரு விலக்கைக் கூற வேண்டும். மூடி வைத்து நினைவிலிருந்து எழுதும் இந்த விதி, திருக்குர்ஆன் வசனத்துக்கும் ஹதீஸுக்கும் பொருந்தாது. பயானில் கேட்டதையோ மொழிபெயர்ப்பில் படித்ததையோ நினைவிலிருந்து நமது நடையில் எழுதி, 'நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள்' என்று மேலே போட்டு விட்டால், ஓராண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படிக்கும் நாமே அதை மூலமென்று நம்பி விடுவோம். பிறருக்கும் சொல்லி விடுவோம். ஆகவே ஹதீஸ் என்றால் நூலைத் திறந்து வைத்து, நூற்பெயரும் எண்ணும் சேர்த்து, உள்ளபடி எழுத வேண்டும். நமக்குத் தோன்றிய கருத்தை அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, 'நமக்குத் தோன்றியது' என்று தலைப்பிட்டு எழுதலாம். திருவசனமானால் சூராவின் பெயரையும் வசன எண்ணையும் மட்டும் குறிப்பதே நல்லது. சிட்டை சட்டைப்பையில் போகும், கடை மேசையில் கிடக்கும், பிள்ளைகள் கையில் அகப்படும். எண் இருந்தால் வேண்டும்போது முஸ்ஹஃபை எடுத்துப் பார்த்துக் கொள்ளலாம். அதபுக்கும் குறைவு வராது.

இனி, எந்த நோட்டில் எழுதுவது? முன்பு நாம் கொடுத்த தடித்த ஏடு ஒரு காரணத்தால் தோற்றது: அழகாக இருந்தது. முதல் பக்கத்தைக் கெடுக்கப் பயந்தே இரண்டு பேர் தொடங்கவில்லை. பத்து பஹாட்டிலிருந்து வரும் ஒரு சகோதரி, 555 என்று மேலட்டையில் அச்சிட்ட சிறு நோட்டை எடுத்து வந்தார். இந்நாட்டு மளிகைக்கடைகளில் கடன் எழுதுவதற்கென்றே பெயர் பெற்ற நோட்டு அது, உள்ளங்கையில் அடங்கும், விலையும் சொற்பம். பக்கம் சிறியதாகையால் ஐந்து வரிக்கு மேல் எழுதவும் இடமில்லை. "இதில் என்ன எழுதினாலும் கடன் மாதிரித்தான் தெரியுது, அதனால கூச்சமில்லாம எழுதுறேன்" என்றார். இப்போது வட்டத்தில் பாதிப்பேர் கையில் 555தான்.

இதே எண்ணம் நம் பெரியோர்களிடமும் இருந்திருக்கிறது. இஸ்பஹான் நகரில் வாழ்ந்த பஹாவுத்தீன் ஆமிலீ (1547–1621) என்ற பேரறிஞர், தாம் படித்ததிலும் கேட்டதிலும் மனத்துக்குப் பிடித்தவற்றை வரிசையோ பிரிவோ இல்லாமல் எழுதிச் சேர்த்த நூலுக்கு 'கஷ்கூல்' என்று பெயரிட்டார். கஷ்கூல் என்பது பக்கீர்மார் கையில் ஏந்தும் கப்பரை. ஒரு வீட்டில் அரிசி, அடுத்த வீட்டில் பேரீச்சம்பழம், அதற்கடுத்த வீட்டில் காசு. எது விழுகிறதோ அது. பக்கீர் வீட்டுக்குள் புகுந்து பானையைத் துழாவுவதில்லை. பாக்தாதில் வாழ்ந்து 1201-ல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ அவர்கள், தம் உள்ளத்தில் தோன்றி மறையும் எண்ணங்களை உடனுக்குடன் எழுதித் தொகுத்த நூலுக்கு வேட்டையின் பெயரை இட்டார்கள். 'ஸைதுல் காத்திர்', அதாவது எண்ணத்தை வேட்டையாடிப் பிடித்தல். இருவருமே மாபெரும் ஆலிம்கள். ஒழுங்காகப் பிரித்து எழுதிய நூல்கள் அவர்களுக்கு நிறைய உண்டு. ஆனால் அதற்கு வேறு ஏடு, இதற்கு வேறு ஏடு என்று வைத்திருந்தார்கள்.

வரிசையில்லாமல் எழுதினால் பிறகு தேடும்போது எப்படிக் கிடைக்கும் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஜான் லாக் என்ற ஆங்கில ஞானி, தாம் நெடுநாள் கையாண்ட குறிப்பேட்டு முறையை 1686-ல் பிரெஞ்சு மொழி ஏடொன்றில் வெளியிட்டார். குறிப்புகளை வந்த வரிசையிலேயே எழுதுவது. முன்பக்கத்தில் மட்டும் ஒரு சிறு அட்டவணை வைப்பது. தலைப்புச் சொல்லின் முதல் எழுத்தையும், அதற்கடுத்து வரும் முதல் உயிரெழுத்தையும் கொண்டு கட்டம் பிரித்தார். நம் தமிழில் இது இன்னும் எளிது. உயிரும் மெய்யும் ஒரே எழுத்தில் ஏற்கனவே கூடியே இருக்கின்றன. லாக் இரண்டு எழுத்தைத் தேடிச் செய்ததை நாம் முதல் எழுத்தைப் பார்த்தே செய்து விடலாம்.

நோட்டின் முதல் இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு விடுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு என்று வைத்துக் கொள்ளலாம், அந்த வாரத்துக் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைப்புச் சொல் தேர்ந்து, அட்டவணையில் அந்த எழுத்துக்கு எதிரே சொல்லையும் எண்ணையும் எழுதுங்கள். மேலே சொன்ன சகோதரரின் குறிப்புகளுக்கு 'தமிழ் — 14' என்றும், 'சுவடி — 17' என்றும் இரண்டே பதிவு. கட்டங்களைச் சமமாகப் பிரிக்காதீர்கள். க, ச, த, ப, ம ஆகிய எழுத்துகளில் சொற்கள் நெரிசலாக வரும். ஞ-வும் ய-வும் காலியாகவே கிடக்கும். எங்கள் அனுபவத்தில் க-வுக்கு மட்டும் க-கா, கி-கீ, கு-கூ, கெ முதல் கௌ வரை என்று நான்கு வரிகள் தேவைப்பட்டன. ஜ, ஹ, ஸ, ஷ, ர ஆகியவற்றுக்கு, நம் அரபுச் சொற்களுக்காக, தனியே ஒரு பெரிய கட்டம் வேண்டும்.

அந்தக் கட்டத்தில்தான் எங்களுக்குத் தலைவலியும் வந்தது. ஒருவர் ஸகாத்தைப் பற்றி நான்கு நூல்களில் படித்துக் குறித்திருந்தார். ஆறு மாதம் கழித்துத் தேடினால் ஒரே ஒரு குறிப்புத்தான் அகப்பட்டது. மற்ற மூன்றும் எங்கே? ஒன்று 'ஜகாத்' என்று ஜ-வில் இருந்தது. ஒன்று 'சக்காத்து' என்று ச-வில். மூன்றாவது 'ஏழைவரி' என்று ஏ-யில். அந்த அந்த நூலில் எப்படி அச்சிட்டிருந்ததோ அப்படியே தலைப்புப் போட்டு விட்டார். துஆ, துவா, தொழுகை, ஸலாத், நோன்பு, ஸவ்மு என்று நம் மொழியில் இப்படி இரட்டையும் மும்மையுமாக வழங்கும் சொற்கள் ஏராளம். ஆகவே, எந்த நூலில் எப்படி இருந்தாலும், நம் வீட்டில் நாம் எப்படிச் சொல்கிறோமோ அந்தச் சொல்லையே தலைப்பாக வைப்பது என்று முடிவு செய்தோம். தேடும்போது நம் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தானே. மற்ற வடிவங்களுக்கு எதிரே 'ஸகாத் பார்க்க' என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும். ஒரு குறிப்புக்கு இரண்டு தலைப்புக்கு மேல் போடுவதும் வேண்டாம். ஐந்தாறு தலைப்புப் போட்டவருக்கு அட்டவணை நாற்பது குறிப்பிலேயே நிறைந்து விட்டது.

நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றி ஒரு வார்த்தை. அவற்றுக்குக் குறிப்பு வேண்டியதில்லை என்பது நமது எண்ணம். முடித்த தேதியும் பெயரும் போதும். நம்மை உறங்க விடாமல் செய்த ஓரிடம் இருந்தால் அதை எழுதலாம். கதை படிக்கும் பெண்ணைப் பிடித்து நிறுத்தி, "இதில் என்ன அறிந்து கொண்டாய்" என்று கேட்கும் கணவன்மார் சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தாம் பார்க்கும் பந்தாட்டத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் காட்டட்டும், பிறகு கேட்கலாம்.

சிட்டை மறுபடி பேரேடாக மாறத் தொடங்கினால் அது சில இடங்களில் தெரிந்து விடும். படித்துக் கொண்டிருக்கும்போதே, "இதை எழுதலாம், இப்படி எழுதலாம்" என்று வாக்கியம் மனத்தில் ஓடத் தொடங்கினால் அது முதல் அடையாளம்; அப்போது கண் வரியில் இருந்தாலும் நாம் நூலில் இல்லை. அந்த வாரம் முழுவதும் எழுதாமல் படிப்பதே இதற்கு மருந்து. அடுத்தது, நூலைத் தேர்ந்தெடுப்பதில் தெரியும். மெலிந்த நூல்களாகப் பார்த்து எடுக்கிறோம், முன்பு ஆசையாய்த் தொட்ட தடித்த நூல் மேசையிலேயே கிடக்கிறது என்றால், எண்ணிக்கை நம்மை ஆளத் தொடங்கி விட்டது. அப்போது அட்டையில் எழுதி வரும் 'இவ்வாண்டு படித்தவை' என்ற பட்டியலைக் கிழித்து விடலாம். எங்களில் ஒருவர் அப்படியே செய்தார். இப்போது அவர் எத்தனை நூல் படித்தார் என்று அவருக்கே தெரியாது.

நோட்டு நிறைந்ததும் புது நோட்டுக்கு எல்லாவற்றையும் பெயர்த்து எழுத வேண்டாம். பழைய அட்டவணையை மட்டும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை வாசித்து, இன்னமும் பதில் கிடைக்காத கேள்விகளை மட்டும் புது நோட்டின் முதல் குறிப்பாக எழுதிக் கொண்டால் போதும். பெரும்பாலும் மூன்றோ நான்கோதான் மிஞ்சும். மற்றவை பழைய நோட்டிலேயே இருக்கட்டும். மேலட்டையில் தேதியைப் போட்டு அலமாரியில் வைத்து விடலாம்.

அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு வருபவர்கள் தங்கள் குறிப்பேட்டைக் கொண்டு வர வேண்டியதில்லை. அதை எவரும் கேட்க மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். படித்ததில் நின்றதை வாயால் சொன்னால் போதும். ஒன்றும் நிற்காதவர்கள் மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, தேநீர் அருந்திப் போகலாம்.